தானாகப் புதுப்பிக்கப்படும்

2025 நவம்பர் 12, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து பால் காய்ச்சினேன். ஊற வைத்திருந்த காராமணியைக் குக்கரில் போட்டுவிட்டு, முந்தின நாள் டைரியை எடுத்துப் படித்தேன். இரவில் எழுதியதை மறுநாள் காலையில் ஒருமுறை படித்து, தவறு இருந்தால் திருத்துவேன். திருத்த எதுவும் இருக்கவில்லை. குளித்து, டிபன் பாக்ஸ் கட்டி, ஆறே முக்காலுக்கு நீலசந்திரா வீட்டைப் பூட்டினேன். ஆடுகோடி வரை ஷேர் ஆட்டோ. அங்கிருந்து பொம்மசந்திராவுக்கு பஸ்.

ஸ்டாப்பில் எங்கள் ஸ்டோர் கீப்பர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை சிஸ்டர் என்பார். பதினாறு வருடமாக ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம்.

பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் எனக்கு இலவச டிக்கெட்டைக் கிழித்துத் தந்தார். அவருக்குக் காசு டிக்கெட்.

"பாருங்க சிஸ்டர், அதே பஸ்ஸு, அதே கூட்டம். நீங்க சும்மா வரீங்க, நான் துட்டு குடுத்து நிக்கறேன்."

"நாளைக்கு ஒரு சேலை கட்டிட்டு வாங்க."

"மீசைய என்ன பண்றது?"

நின்றிருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அவர் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். வேலை நிலைத்துவிட்டது என்று நம்பியிருந்தார். நானும் பாதி நம்பியிருந்தேன்.

எங்கள் கம்பெனி சிறியது. இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, பெரிய கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து கொடுப்போம். ஆஃபீஸ் வேலை முழுவதும் என்னுடையது. பில், வங்கி, சம்பளம், ஒப்பந்தங்கள். அந்த ஆகஸ்டில் எங்கள் பெரிய கஸ்டமர் ஆர்டரைப் பாதியாகக் குறைத்துவிட்டார். செப்டம்பரில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஸ்டோருக்கு இரண்டு செலவு இனித் தாங்காது என்றார். ஒன்று, ஸ்டாக்கையும் டிஸ்பாட்சையும் பார்த்துக்கொள்ள அந்த வருடம் ஜனவரியில் சந்தா கட்டி வாங்கிய சாஃப்ட்வேர். மற்றொன்று, ஸ்டோர் கீப்பரின் சம்பளம். இரண்டும் ஏறத்தாழ சமம்.

"ஆளு இருக்கட்டும்மா. சாஃப்ட்வேர் போகட்டும். பழையபடி எக்ஸெல்ல போட்டுக்கலாம்" என்றார்.

அதை நான் அவருடைய நல்ல குணமாகவே குறித்து வைத்தேன். இன்றும் அதை மாற்றி எழுதவில்லை.

சாஃப்ட்வேரை விடுவதற்கு ஒரு வழிமுறை இருந்தது. ஜனவரியில் ஒப்புதல் கொடுப்பதற்கு முன்பே, பதினான்கு பக்க நிபந்தனைகளையும் பிரிண்ட் எடுத்துப் படித்திருந்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: சந்தா பன்னிரண்டு மாதம். காலம் முடிந்ததும் அது தானாகவே இன்னொரு பன்னிரண்டு மாதத்துக்குப் புதுப்பிக்கப்படும். வேண்டாம் என்றால், காலம் முடிவதற்குக் குறைந்தது அறுபது நாள் முன்னால் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்க இரண்டே வழி. கணக்கின் நிர்வாகி இணையதளத்தில் புகுந்து, தானாகப் புதுப்பித்தல் என்ற பொத்தானை அணைக்கலாம். அல்லது அவருடைய பதிவான மெயிலிலிருந்து, நிபந்தனைகளில் கொடுத்துள்ள முகவரிக்கு எழுதலாம். வேறு யாரிடம் எப்படிச் சொன்னாலும் சொன்னதாக ஆகாது.

அந்த நிர்வாகி எங்கள் ஸ்டோர் கீப்பர்தான். பயிற்சி கொடுக்க வந்த விற்பனைப் பையன், தினமும் உபயோகிக்கப் போகிறவர் பெயரிலேயே இருக்கட்டும் என்று அவரைப் பதிவு செய்துவிட்டுப் போயிருந்தான். பையன் என்று எழுதுகிறேன், அவனுக்கு முப்பது வயதிருக்கும். ஓசூர்க்காரன். ஸ்டோரில் உட்கார்ந்து அண்ணனின் டிபனில் பாதியைச் சாப்பிடுவான். அந்த அறுபது நாளை முப்பதாகக் குறைக்க முடியுமா என்று ஜனவரியிலேயே அவனிடம் கேட்டேன்.

"அது எல்லாருக்கும் ஒரே டெர்ம்ஸ் மேடம், மாத்த முடியாது. ஆனா நான் இருக்கேன்ல, ஒரு போன் அடிங்க, முடிச்சுத் தரேன்."

தேதியைப் பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தேன். ஒப்புதல் தந்தது ஜனவரி 5. காலம் முடிவது அடுத்த ஜனவரி 4. அறுபது நாள் முன்னால் என்றால் நவம்பர் 5. கேலண்டரில் வட்டம் போட்டு, முதலாளியிடமும் காட்டினேன்.

எங்கள் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சரக்கு கொடுப்பவர், வேன்காரர், மெஷின் ரிப்பேர்காரர், யாரை நிறுத்துவதாக இருந்தாலும் முதலில் எழுத்தில் கொடுக்க மாட்டார்கள். எழுத்தில் கொடுத்தால் முகம் முறிந்துவிடும். டீ வாங்கிக் கொடுத்து, வாயால் சொல்லி, அவர் விலையை இறக்குகிறாரா என்று பார்ப்பார்கள். பாதி நேரம் இறக்குவார். முதலாளி இருபத்தைந்து வருடமாக அப்படித்தான் தொழில் செய்தார், நஷ்டப்பட்டதில்லை.

அதனால் ஆயுத பூஜைக்குப் பொரியும் கடலையும் வாங்கிக்கொள்ள அந்தப் பையன் வந்தபோது, முதலாளி அவன் தோளில் கை போட்டு, "அடுத்த வருஷம் வேணாம்னு இருக்கோம்பா" என்றார்.

"ஐயோ சார், அவசரப்படாதீங்க. தீபாவளி முடியட்டும். நல்ல ரேட்டோட வரேன். பிடிக்கலேன்னா நானே க்ளோஸ் பண்ணித் தரேன்."

தீபாவளி முடிந்தது. மாதக் கடைசியில் வருகிறேன் என்றான். நவம்பர் 3, திங்கட்கிழமை, நானும் அண்ணனும் என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். அவர் தன் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனார். பொத்தான் பச்சையாக இருந்தது. மவுஸை அதன் மேல் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, "அமுக்கட்டா சிஸ்டர்?" என்றார். முதலாளி பின்னால் நின்றிருந்தார்.

"ரெண்டு நாள் பொறு. பையன் புதன்கிழமை வரேன்னிருக்கான். நாம அமுக்கிட்டோம்னு தெரிஞ்சா ரேட்டு எறக்க மாட்டான்."

"புதன்கிழமைதான் சார் கடைசி நாள்" என்றேன்.

"அதான் புதன்கிழமை வரானே."

அண்ணன் மவுஸிலிருந்து கையை எடுத்தார். புதன்கிழமை பையன் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. முதலாளி ஒரு கஸ்டமர் ஆஃபீஸில் மாட்டிக்கொண்டார். மாலை ஐந்தரைக்கு நான் போன் செய்தபோது, "நான் அவன்கிட்ட சொல்லியாச்சும்மா, அவனுக்குத் தெரியும். நான் வராம எதுவும் அமுக்காதீங்க" என்றார். வியாழக்கிழமை காலையில் பார்த்தபோது பொத்தான் மங்கிப்போயிருந்தது.

அதன் பிறகு ஒரு வாரம் எதுவும் வரவில்லை. முதலாளி சொன்னதைப் பையன் தன் கம்பெனியில் பதிவு செய்திருப்பான் என்று அண்ணன் உறுதியாக நம்பினார். என் கையால உப்பு தின்னவன் சிஸ்டர் என்றார். நவம்பர் 12 காலையில் சேலை ஜோக் அடித்தது அந்த நம்பிக்கையில்தான்.

அன்று காலை பத்தரைக்கு எனக்கு மெயில் வந்தது. பில்லுக்கான தொடர்பு என்று என் முகவரி கொடுத்திருந்தோம். உங்கள் சந்தா ஜனவரி 5 முதல் மேலும் பன்னிரண்டு மாதங்களுக்குப் புதுப்பிக்கப்படுகிறது, நன்றி என்று எழுதியிருந்தார்கள். கீழே தொகை. நாங்கள் கட்டி வந்ததைப்போல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

பிரிண்ட் எடுத்து, நிபந்தனைகளின் ஃபைலோடு முதலாளியின் கேபினுக்குப் போனேன். அவர் கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தார்.

"மாசா மாசம் கார்டுல பிடிக்கறாங்க. மாசக் கணக்குதானே? அடுத்த மாசத்தோட நிறுத்திக்க வேண்டியதுதான்."

"கட்டறதுதான் சார் மாசத்துக்கு ஒருதரம். ஒத்துக்கிட்டது வருஷத்துக்கு. ஆர்டர் ஃபார்ம்ல போட்டிருக்கு." இடத்தைக் காட்டினேன்.

"நாம உபயோகிக்க ஆரம்பிச்சதே மார்ச்சுல. ரெண்டு மாசம் ட்ரெயினிங்னு ஓட்டிட்டான். வருஷம் மார்ச்சுலதானே முடியும்?"

"ஒப்புதல் குடுத்த தேதியிலிருந்துதான் கணக்கு. உபயோகிச்ச தேதி இல்ல."

"நான் அவன்கிட்ட வாயால சொன்னேன். நீயும் இருந்தே. அவனும் இருந்தான்."

பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். எழுத்தில் உள்ளதே முழு ஒப்பந்தம், விற்பனைப் பிரதிநிதி சொன்னது எதுவும் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. அவர் அதைப் படிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"சரி, கார்டை பிளாக் பண்ணிடு. எப்படிப் பிடிப்பாங்கன்னு பாத்துடலாம்."

"பிடிக்கறது நின்னுடும் சார், கடன் நிக்காது. பதினஞ்சு நாள் பாப்பாங்க, அப்புறம் கணக்கை மூடுவாங்க. மீதி மாசம் அத்தனைக்கும் ஒரே பில்லா அனுப்புவாங்க. நம்ம ஸ்டாக்கு, டிஸ்பாட்ச் சலான் எல்லாம் உள்ள மாட்டிக்கும்."

அவர் ஆடிட்டருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன். கம்பெனி தொழிலுக்காக வாங்கியது, அதனால் நுகர்வோர் கோர்ட்டில் நிற்காது, சிவில் கேஸ் போட்டால் வக்கீல் செலவு சந்தாவைத் தாண்டிவிடும் என்றார் ஆடிட்டர். பிறகு, "எதுக்கும் விலை ஏறினா விட்டுக்கலாம்னு ஏதாவது க்ளாஸ் இருக்கான்னு பாருங்க" என்றார்.

இருந்தது. ஒன்பதாம் பக்கம். ஜனவரியிலேயே நான் பென்சிலால் கோடு போட்டு வைத்த இடம். புதுப்பிக்கும்போது சாஃப்ட்வேர் கம்பெனி கட்டணத்தை மாற்றலாம். மாற்றினால் காலம் முடிவதற்குக் குறைந்தது முப்பது நாள் முன்னால் தெரிவிக்க வேண்டும். அந்தக் கட்டண மாற்றம் பிடிக்காவிட்டால், தெரிவித்ததிலிருந்து பதினைந்து நாளுக்குள் சந்தாதாரர் புதுப்பித்தலை மறுக்கலாம். அறுபது நாள் விதி இதற்குப் பொருந்தாது.

முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இன்னிக்குத்தானே தெரிவிச்சிருக்காங்க?"

"இன்னிக்குத்தான்."

"அப்ப இருபத்தேழு வரைக்கும் டைம் இருக்கு."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கேபினிலிருந்து வெளியே வந்தபோது அண்ணன் ஸ்டோர் கதவருகே கையுறைக் கட்டுகளோடு நின்றிருந்தார். விஷயம் அவருக்கு எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தது.

"என்ன சிஸ்டர், இருக்கனா போறனா?"

"ஒரு வழி இருக்கு. பாத்துட்டுச் சொல்றேன்."

சொல்லியிருக்கக் கூடாது. அவர் கையுறைக் கட்டை ரேக்கில் வைத்துவிட்டு, விசிலடித்துக்கொண்டே உள்ளே போனார்.

நான் என் இடத்துக்கு வந்து, மறுப்பு மெயிலை எழுதத் தொடங்கினேன். எந்த விதியின் கீழ் எழுதுகிறேன் என்று எண் போட வேண்டும். எண்ணைப் பார்க்கப் போனபோது, கட்டண மாற்றம் என்ற சொல் தடித்த எழுத்தில் இருப்பதைக் கவனித்தேன். ஒரு சொல்லைத் தடித்துப் போட்டிருந்தால், அதற்கு அவர்களே ஒரு பொருள் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டாம் பக்கத்துக்குப் போனேன். கட்டண மாற்றம் என்பது பட்டியல் விலையில் செய்யப்படும் மாற்றம். முதல் காலத்துக்கு மட்டும் தரப்பட்ட சலுகை முடிவடைவது கட்டண மாற்றம் ஆகாது.

ஆர்டர் ஃபார்மை எடுத்தேன். மேலே ஒரு பெரிய தொகையைப் போட்டு, அதன் குறுக்கே கோடு இழுத்திருந்தார்கள். அடியில் முப்பது சதவீதச் சலுகை, முதல் காலத்துக்கு மட்டும். அதற்கும் அடியில் நாங்கள் கட்டிய தொகை. ஜனவரியில் அந்தக் குறுக்குக்கோடு போட்ட தொகையைக் கடைத் தெருவில் தள்ளுபடி போர்டு மாட்டுவார்களே, அதைப்போல் நினைத்து எல்லோரும் கடந்து போனோம். அதுதான் உண்மையான விலை. மெயிலில் வந்த தொகை அதற்குச் சரியாக இருந்தது, ஒரு ரூபாய் கூட ஏறவில்லை. அவர்கள் கணக்கில் விலை மாறவே இல்லை.

இருந்தாலும் அவர்களுடைய புதுப்பித்தல் பிரிவுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். நான் கன்னடத்தில் பதில் சொன்னேன். இரண்டு வாக்கியம் கேட்டுவிட்டு, "தமிழா மேடம் நீங்க?" என்றாள்.

"ஆமாம்மா."

"சொல்லுங்க மேடம்."

சொன்னேன். அந்தப் பையனின் பெயரைச் சொன்னதும் கீபோர்டில் தட்டும் சத்தம் கேட்டது.

"அவர் போன மாசமே ரிசைன் பண்ணிட்டார் மேடம். நோட்டீஸ் பீரியட்ல இருந்திருக்கார். உங்க அக்கவுண்ட்ல அவர் எதுவும் நோட் போடல."

தீபாவளிக்குப் பிறகு எங்களை ஒவ்வொரு வாரமாகத் தள்ளியபோது, அவன் தன்னுடைய கடைசி நாள்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

"ஒரு ஆள் வேலை போயிடும்மா இதுனால" என்றேன். ஒப்பந்தம் சம்பந்தமான பேச்சில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் அதுவரை சொன்னதில்லை.

"புரியுது மேடம். நான் மேல ஒரு ரிக்வெஸ்ட் டிக்கெட் போடறேன், ஒன் டைம் எக்ஸெப்ஷன்னு. என்னால அதுதான் முடியும். அப்ரூவ் பண்றது நான் இல்ல."

"நாங்க மூணு யூசருக்குக் கட்டறோம், அதை ஒண்ணாவாவது குறைக்கலாமா?"

"அதுக்கும் அதே அறுபது நாள் மேடம்."

நான்கு மணிக்கு முன்பே பதில் வந்துவிட்டது. உங்கள் கோரிக்கையைக் கவனமாகப் பரிசீலித்தோம், வருந்துகிறோம், உங்கள் தொடர்ந்த ஆதரவுக்கு நன்றி. டிக்கெட் முடிக்கப்பட்டது.

முதலாளியிடம் அந்தப் பதிலையும் நிபந்தனைத் தாளையும் கொடுத்தேன். அவர் இரண்டாம் பக்கத்து வரியை விரலால் தொட்டுப் படித்தார். பிறகு, "ஸ்டோர் மெயில்ல அக்டோபர்லயே ரிமைண்டர் வந்திருக்காமே. அவர் பாத்துச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"மூணாந்தேதி அவர் கைய பொத்தான் மேல வெச்சிருந்தார் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அந்த வாக்கியத்தை வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது நடந்தது.

"எனக்கு வேற வழி சொல்லும்மா, கேக்கறேன். ரெண்டையும் வெச்சுக்கிட்டா மார்ச்சுக்கு மேல யாருக்குமே சம்பளம் வராது. கட்டித் தொலைக்கப் போற சாஃப்ட்வேரை உபயோகிச்சுத்தான் ஆகணும். சூப்பர்வைசரே என்ட்ரி போட்டுப்பார்."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அண்ணனின் அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்து வரச் சொன்னார். ஒரே பக்கம். இரு தரப்பிலும் ஒரு மாத நோட்டீஸ். கீழே இருவர் கையெழுத்தும் பேனா மையில் இருந்தன. அவரைக் கூப்பிட்டார். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே முதலாளியின் குரல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அண்ணன் வெளியே வந்ததும் நேராகத் தண்ணீர் கேனுக்குப் போய் இரண்டு டம்ளர் குடித்தார்.

திரும்பும் பஸ்ஸில் எங்களுக்கு இடம் கிடைத்தது. எலக்ட்ரானிக் சிட்டி தாண்டும் வரை அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதக் கொஞ்சம் பாருங்க சிஸ்டர். பொண்ணு இங்கிலீஷ் கத்துக்கறேன்னு ஏதோ ஆப்பு போட்டா. மாசா மாசம் பேங்க்லேர்ந்து மெசேஜ் வருது. நிறுத்தணும். நிறுத்த முடியுமா, இதுவும் போச்சா?"

சந்தாப் பக்கத்தைத் திறந்தேன். திட்டத்தின் பெயருக்கு அடியில் சாம்பல் நிறத்தில் சின்ன எழுத்து. பெரிய எழுத்தை விட்டுவிட்டு நான் எப்போதும் அதிலிருந்துதான் தொடங்குவேன். முதலில் காலம் எவ்வளவு என்று பார்த்தேன்: ஒரு மாதம்தான், வருடம் இல்லை. அடுத்து, எப்போது தானாகத் தொடரும், எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும்: அடுத்த பிடித்தத்துக்கு இருபத்து நான்கு மணி நேரம் முன்னால். பிடிக்கும் தேதி நவம்பர் 29.

"இது இன்னும் போகல. ஒரு மாசக் கணக்குதான்."

"யார்கிட்ட சொல்லணும்?"

"யார்கிட்டயும் சொல்ல வேணாம். இங்கயே அமுக்கணும். ஆப்பை அழிச்சா மட்டும் நிக்காது."

ரத்து செய் என்பதை அழுத்தினேன். உறுதியா என்று கேட்டது. பாதி விலைக்குத் தருகிறேன் என்றது. அது மூன்று மாதத்துக்கு மட்டும் என்று அடியில் எழுதியிருந்தது. மறுபடியும் அழுத்தினேன். பிறகு பணம் அனுப்பும் ஆப்பில் போய், தானாகப் பிடிக்கக் கொடுத்திருந்த அனுமதியையும் ரத்து செய்தேன். இரண்டு திரைகளையும் படம் பிடித்து அவர் போனிலேயே சேமித்தேன்.

"இருபத்தெட்டு வரைக்கும் பொண்ணு படிக்கலாம். கட்டின மாசம் அது. அதுக்கப்புறம் தானா நின்னுடும்."

"என்ன மாதிரியேதான்" என்றார். "கட்டின மாசம் ஓடும், அப்புறம் நின்னுடும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சிரித்தார். பிறகு, "அந்தப் பையனுக்கு என் கையால எத்தன நாள் சோறு போட்டிருக்கேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ கணக்கு ஒத்துவராததைப்போல் சொன்னார்.

"வேற எங்கயாவது பாக்கலாம்ணா. ஓசூர் ரோட்டுல எத்தன கம்பெனி."

"எல்லாத்துலயும் சாஃப்ட்வேர் இருக்கு சிஸ்டர். சும்மனே சொல்லாதீங்க."

ஆடுகோடியில் இறங்கினோம். அவர் மருந்துக் கடைக்குப் போக வேண்டும் என்று எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

அன்றைய டைரியில் நடந்ததை எழுதினேன். பிறகு, இனி எதிலும் ஒப்புதல் தருவதற்கு முன் செய்ய வேண்டியதைத் தனியாக எழுதினேன். இரண்டாம் வருட விலை என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குவது. தடித்த சொற்களுக்கெல்லாம் பொருள் பார்ப்பது. கடைசித் தேதியைக் கேலண்டரில் இரண்டு வாரம் முன்னால் போடுவது. தானாகப் புதுப்பித்தல் பொத்தானை ஒப்புக்கொண்ட அன்றே அணைத்துவிடுவது, வேண்டுமானால் நாமே போய்ப் புதுப்பித்துக்கொள்ளலாம். எழுதி முடித்துப் படித்தபோது, இவற்றில் கடைசி ஒன்றைத் தவிர எதுவும் அந்த ஐந்தாம் தேதியை மாற்றியிருக்காது என்று தெரிந்தது. அந்த ஒன்றுக்கும் எங்கள் முதலாளி ஜனவரியில் சம்மதித்திருக்க மாட்டார். அதையும் எழுதிவிட்டு விளக்கை அணைத்தேன்.

மறுநாள், நவம்பர் 13. ஆஃபீஸுக்குள் போனதும் பையைக்கூட மாட்டாமல் கம்ப்யூட்டரைப் போட்டேன். அண்ணன் அட்டெண்டன்ஸ் போட்டுவிட்டு ஸ்டோருக்குப் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டேன்.

"நிர்வாகி நீங்கதான்ணா. நீங்க இருக்கும்போதே ரெண்டு வேலை முடிக்கணும்."

அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, பாஸ்வேர்டை ஒற்றை விரலால் தட்டினார். அடுத்த வருடம் பதிவாகிவிட்டதால் பொத்தான் மறுபடியும் பச்சையாகியிருந்தது. மவுஸை அதன் மேல் வைத்துவிட்டு, தலையைத் திருப்பிக் கேபினைப் பார்த்தார். முதலாளி இன்னும் வந்திருக்கவில்லை.

"அமுக்கட்டா சிஸ்டர்?"

"அமுக்குங்க."

பச்சை சாம்பலானது. இந்த மாற்றம் 2027 ஜனவரி 4 அன்று முடியும் காலத்துக்குப் பிறகு நடைமுறைக்கு வரும் என்று திரை சொன்னது. பிரிண்ட் எடுத்தேன். அவர் அதை வாங்கித் தேதியைப் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு நிர்வாகியின் பெயரை மாற்றும் பக்கத்துக்குப் போய், தன் பெயரை அழித்து, அந்தக் கட்டத்தில் என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.